உத்தரவு போட்டவரும் உத்தரவை நிறைவேற்றியவரும்

அரசு அலுவலகத்தில் முப்பது முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு விதி மனப்பாடமாக இருக்கும். மேலதிகாரி வாய்மொழியாக ஒன்றைச் செய்யச் சொன்னால், கூடிய சீக்கிரம் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடத்தை விதிகளிலேயே அது இருக்கிறது. எழுத்தில் வாங்கிவிட்டால் நாளைக்குத் தணிக்கை வந்தாலும் விசாரணை வந்தாலும் "உத்தரவுப்படி செய்தேன்" என்று கோப்பைக் காட்டிவிடலாம். பணம், பதவி உயர்வு, டெண்டர் என்ற அளவில் இது போதும். மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலும் இது போதுமா என்ற கேள்விக்குத்தான் உலகம் நூறு ஆண்டுகளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.

போர்க்குற்ற விசாரணை என்றால் நம்மில் பலருக்கு நியூரம்பெர்க் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கேள்விக்கு நல்ல பாடமாக இருப்பது, அதற்கு 24 ஆண்டுகள் முன்னால் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் நடந்த இரண்டு வழக்குகள். நீதிமன்றம் ஒன்றுதான், கடற்படை ஒன்றுதான். இரண்டிலும் மூழ்கியது ஆஸ்பத்திரிக் கப்பல்தான். இரண்டிலும் சொல்லப்பட்ட சமாதானமும் ஒன்றுதான். ஒரு வழக்கில் விடுதலை, மற்றதில் தண்டனை. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் விஷயத்தில் பாதி புரிந்துவிடும்.

முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, போர் முறைகளை மீறிய ஜெர்மானியர்களை ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். கெய்சர் ஹாலந்தில் அடைக்கலம் புகுந்துவிட்டார். ஹாலந்து அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டது. மற்றவர்களின் பெயர்ப் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீண்டது. எங்கள் ஆட்களை அந்நியரிடம் கொடுக்க மாட்டோம், நாங்களே விசாரிக்கிறோம் என்றது ஜெர்மனி. கடைசியில் சில வழக்குகளை மட்டும் முன்னோட்டமாக எடுத்து, லைப்ஸிக்கில் இருந்த ஜெர்மன் உச்ச நீதிமன்றத்திலேயே விசாரிப்பது என்று முடிவாயிற்று. 1921 மே மாதக் கடைசியில் விசாரணை தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் ஜெர்மானியர், நீதிபதிகளும் ஜெர்மானியர், சட்டமும் ஜெர்மன் சட்டம்.

அந்தச் சட்டத்தின் 47-ஆம் பிரிவை இங்கே சொல்லியாக வேண்டும். உத்தரவை நிறைவேற்றும்போது குற்றம் நடந்தால், உத்தரவு போட்ட அதிகாரியே பொறுப்பாளி. கீழே உள்ளவன் பங்காளியாவது இரண்டு சந்தர்ப்பங்களில்தான். ஒன்று, உத்தரவில் சொன்னதைத் தாண்டிச் செய்திருக்க வேண்டும். இரண்டு, இந்த உத்தரவு ஒரு குற்றத்தைச் செய்வதற்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக, உத்தரவு இருந்ததா என்பதோடு கேள்வி நிற்பதில்லை. அவனுக்குத் தெரியுமா என்பதும் சேர்ந்துகொள்கிறது.

முதல் வழக்கு டோவர் காசில் என்ற பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிக் கப்பலைப் பற்றியது. 1917 மே 26 அன்று மத்தியதரைக் கடலில் கார்ல் நாய்மன் என்ற தளபதியின் நீர்மூழ்கிக் கப்பல் அதை டார்ப்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. நாய்மன் எதையும் மறுக்கவில்லை. பிரிட்டிஷார் ஆஸ்பத்திரிக் கப்பல்களில் படைகளையும் தளவாடங்களையும் ஏற்றுகிறார்கள் என்று ஜெர்மன் கடற்படைத் தலைமை நம்பியது. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்படாமல் மத்தியதரைக் கடலில் வரும் ஆஸ்பத்திரிக் கப்பல்களைத் தாக்கலாம் என்று அது எழுத்தில் உத்தரவு அனுப்பியிருந்தது. அதைத்தான் நிறைவேற்றினேன் என்றார் நாய்மன். முதல் டார்ப்பிடோவுக்குப் பிறகு, கப்பலில் இருந்த நோயாளிகளும் காயம்பட்டவர்களும் வெளியேற அவகாசம் கொடுத்த பிறகே இரண்டாவதைச் செலுத்தினார் என்பதும் விசாரணையில் வந்தது. உத்தரவு சட்டப்படியானது, எதிரி செய்த மீறலுக்குப் பதிலடி என்று அவர் நம்ப இடமிருந்தது; உத்தரவுக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி நீதிமன்றம் 1921 ஜூன் 4 அன்று அவரை விடுவித்தது.

தீர்ப்பில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் கோப்பு பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்று உறுத்தும். பொறுப்பு நாய்மனிடமிருந்து மேலே போயிற்று. மேலே, கடற்படைத் தலைமையில், அந்த உத்தரவுக்காக யாரும் கூண்டில் நிற்கவில்லை. கோப்பு மேலே போனது, திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது வழக்கு லாண்டோவரி காசில் என்ற கப்பலைப் பற்றியது. கனடா நாட்டு ராணுவ மருத்துவப் பிரிவினரோடு ஹாலிஃபாக்ஸிலிருந்து லிவர்பூலுக்கு வந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கப்பல் அது. கப்பலில் 258 பேர், அவர்களில் 14 பேர் நர்ஸ்கள். 1918 ஜூன் 27 இரவு அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஹெல்முட் பாட்சிக் என்ற தளபதியின் யு-86 நீர்மூழ்கி அதைத் தாக்கியது. கப்பலில் அமெரிக்க விமானப்படையினர் ஒளிந்து வருகிறார்கள் என்று பாட்சிக் சந்தேகப்பட்டார். கப்பல் மூழ்கிய பிறகு படகுகளில் இருந்தவர்களை விசாரித்துப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் வழக்கு. நீரில் மூழ்கத் தயாராகும்படி உத்தரவிட்டு, மாலுமிகளைக் கீழே அனுப்பிவிட்டார் பாட்சிக். மேல்தளத்தில் அவரோடு இருந்தவர்கள் டித்மர், போல்ட் என்ற இரண்டு அதிகாரிகளும் பீரங்கியை இயக்கும் ஒருவரும்தான். நீர்மூழ்கி மூழ்கவில்லை. இருட்டில் சுற்றிச் சுற்றி வந்து உயிர்காப்புப் படகுகளின் மேல் சுட்டது. தப்பியது ஒரே ஒரு படகு, அதில் இருந்த 24 பேர். மற்ற 234 பேரும் இறந்தார்கள். நர்ஸ்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

பாட்சிக்கைப் பிடிக்க முடியவில்லை. பீரங்கி இயக்கியவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். ஆகவே 1921 ஜூலையில் கூண்டில் ஏறியவர்கள் டித்மரும் போல்ட்டும்தான். தளபதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி, நடந்ததைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்கள். தளபதியின் உத்தரவுப்படி நடந்தவர்கள் என்பதே அவர்களுக்காகச் சொல்லப்பட்ட வாதம்.

இங்கே நீதிபதிகள் வேறு விதமாகப் பேசினார்கள். கீழே உள்ள ஒரு போர்வீரன் தனக்கு வரும் ஒவ்வொரு உத்தரவையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, அது சட்டப்படியானது என்று அவன் நம்பலாம். ஆனால் அந்தச் செயல் சட்டத்துக்கு விரோதமானது என்பது அவன் உட்பட எல்லாருக்கும் ஐயமறத் தெரிந்திருந்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. கப்பல் கவிழ்ந்து படகில் தத்தளிப்பவனைச் சுடக்கூடாது என்பது வக்கீல் வைத்துப் படிக்க வேண்டிய சட்டம் இல்லை. எந்தக் கடலோடிக்கும் தெரிந்தது. ஆகவே அவர்கள் மறுத்திருக்க வேண்டும், மறுக்காததால் தண்டனை என்றது தீர்ப்பு. ஆளுக்கு நான்கு ஆண்டு சிறை.

அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவன் மனத்துக்குள் புகுந்து பார்க்கவா முடியும்? நான் இந்த வழக்கில் மிகவும் வியந்தது இந்த இடம்தான். பாட்சிக் கப்பலின் நாட்குறிப்பில் இந்தத் தாக்குதலை எழுதவே இல்லை. வரைபடத்திலும், தன் கப்பல் அந்த இடத்துக்கு வெகு தூரத்தில் போனதாகப் பொய்ப் பாதை வரைந்து வைத்தார். மாலுமிகளிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினார். அதிகாரிகள் நீதிமன்றத்திலும் வாயைத் திறக்கவில்லை. நியாயமான உத்தரவை நிறைவேற்றியவன் பதிவேட்டைத் திருத்த மாட்டான். நாய்மன் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார், உத்தரவும் எழுத்தில் இருந்தது. பாட்சிக் மறைத்தார். மறைக்கிறவனுக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும். திருத்தப்பட்ட பதிவேடு என்ன சொல்லும் என்பதை அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீர்ப்பில் இன்னொரு வாதமும் இருக்கிறது. கீழே இருந்தவர்கள் மறுத்திருந்தால் பாட்சிக் தன் எண்ணத்தைக் கைவிட்டிருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். நடந்ததை மறைப்பதுதான் அவர் நோக்கம். உடனிருப்பவர்களே ஒத்துழைக்காவிட்டால் மறைக்க முடியாது. எந்தக் கொடிய உத்தரவும் தானாக நடப்பதில்லை, அதற்குக் கைகள் தேவை. அதே சமயம், நீர்மூழ்கிக்குள் தளபதியை எதிர்த்து நிற்பது சாதாரணக் காரியமல்ல, அதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டு, அதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

தண்டனை நிலைத்ததா என்றால், இல்லை. சில மாதங்களுக்குள் இருவரும் சிறையிலிருந்து தப்பினார்கள். பின்னால் 1928-இல் மூடிய கதவுகளுக்குள் தீர்ப்பையே மாற்றி அவர்களை விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பு எழுதிய வாக்கியங்கள் மட்டும் நிலைத்தன. இன்று உலக நாடுகளின் சட்டப் புத்தகங்களில் இருப்பது அந்த வாக்கியங்களின் சாரம்தான்.

இரண்டாம் உலகப் போரில் கேள்வி பெரிதாகத் திரும்பி வந்தது. ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் போரின் முக்கால் பங்கு வரையில் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவக் கையேடுகளிலேயே, உத்தரவுப்படி செய்தவனைப் போர்க்குற்றவாளியாகக் கொள்ளக் கூடாது என்றுதான் இருந்தது. விசாரணை வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, 1944-இல்தான் இரண்டு நாடுகளும் அதை மாற்றின. எதிரிக்காக மாற்றிய விதி என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் மாற்றிய விதி சொந்தப் படைக்கும்தானே பொருந்தும்!

1945 ஆகஸ்ட் 8 அன்று லண்டனில் கையெழுத்தான சாசனத்தின் 8-ஆவது பிரிவு சுருக்கமானது. அரசின் உத்தரவோ மேலதிகாரியின் உத்தரவோ ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும் அதைக் கருத்தில் கொள்ளலாம். ஏன் இவ்வளவு கறாராக எழுத வேண்டியிருந்தது? டோவர் காசில் வழக்கில் பார்த்தோமே, பொறுப்பு மேலே மேலே போய் மறைந்துவிடுகிறது. நாஜி ஜெர்மனியில் எல்லா உத்தரவும் கடைசியில் ஒரே மனிதரிடம் போய் முடியும். அந்த மனிதர் ஏப்ரல் 30 அன்றே தற்கொலை செய்துகொண்டார். மேலே கை காட்டுவதை ஏற்றுக்கொண்டால் கோடிக்கணக்கான சாவுக்கு இறந்துபோன ஒருவர் மட்டுமே பொறுப்பு என்றாகிவிடும்.

ராணுவத் தலைமையகத்தின் தலைவர் கைட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் போன்ற நாடுகளில் ஜெர்மானியரை எதிர்ப்பவர்களை இரவோடு இரவாக ஜெர்மனிக்குக் கடத்திப் போய், குடும்பத்துக்கு ஒரு தகவலும் தராமல் மறைத்துவிட 1941 டிசம்பரில் வந்த உத்தரவில் கையெழுத்து அவருடையது. ஹிட்லர் சொன்னார், நான் கையெழுத்திட்டேன் என்பதுதான் அவருடைய வாதம். இவ்வளவு கொடிய குற்றங்களை அறிந்தே செய்தவருக்கு, உத்தரவு என்பதற்காகத் தண்டனையைக்கூடக் குறைக்க முடியாது என்றது நீதிமன்றம். 1946 அக்டோபர் 16 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். உத்தரவு இருந்ததா என்பது உரைகல் அல்ல, தார்மிகமாகத் தேர்ந்தெடுக்க அவனுக்கு வழி இருந்ததா என்பதே உரைகல் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

கைட்டலுக்கு அந்தக் கேள்வியைப் போடுவது எளிது. பதினேழு வயதுப் பையனிடம் போட்டால்? இதற்கு நான் போர்தோ நகரத்து வழக்கைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்கு ஒராதூர்-சூர்-க்ளான் என்ற ஊரின் பெயர் தெரியும். லிமோஜ் நகருக்குப் பக்கத்தில் இருந்த சிற்றூர் அது. 1944 ஜூன் 10, சனிக்கிழமை பிற்பகல் எஸ்.எஸ். படையின் ஒரு கம்பெனி ஊரைச் சுற்றி வளைத்தது. அடையாளச் சீட்டு பார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் திடலுக்கு வரவழைத்தார்கள். ஆண்களைக் கொட்டகைகளில் அடைத்துச் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் மாதா கோயிலில் பூட்டித் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 642 பேர் என்று அன்று கணக்கிடப்பட்டது. கோயிலுக்குள்ளிருந்து உயிரோடு வெளிவந்தவர் ஒரே ஒரு பெண்மணி.

வழக்கு 1953 ஜனவரியில் போர்தோ ராணுவ நீதிமன்றத்துக்கு வந்தது. கூண்டில் 21 பேர். அவர்களில் ஏழு பேர்தான் ஜெர்மானியர். மற்ற 14 பேரும் அல்ஸாஸ் பகுதியைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள்! அல்ஸாஸை ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டு, 1942 ஆகஸ்ட் முதல் அங்கிருந்த இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு இழுத்தது. மறுத்தால் குடும்பமே நாடு கடத்தப்படும். இவர்களை பிரெஞ்சில் 'மால்க்ரே-நூ' என்பார்கள், 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்று பொருள். அந்த 14 பேரில் ஒருவன்தான் தானாகச் சேர்ந்தவன். மற்ற 13 பேரும் கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் சிலருக்குச் சம்பவத்தின்போது 18 வயதுகூட ஆகவில்லை.

தாக்குதலை நடத்திய அதிகாரி அதே மாதம் நார்மாண்டியில் செத்துவிட்டார். டிவிஷனின் தளபதி லாமர்டிங் மேற்கு ஜெர்மனியில் சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்தார். பிரான்ஸ் அவருக்கு நேரில் வராமலேயே மரண தண்டனை விதித்திருந்தது, ஆனால் கடைசி வரை அவர் ஒப்படைக்கப்படவில்லை. லைப்ஸிக்கில் பாட்சிக் இல்லாதது போலவே இங்கும் உத்தரவு போட்டவர்கள் இல்லை, கைகள் மட்டும் கூண்டில்.

பிப்ரவரி 13 அன்று தீர்ப்பு. ஒரு ஜெர்மானியனுக்கும், தானாகச் சேர்ந்த அந்த அல்ஸாஸ்காரனுக்கும் மரண தண்டனை. ஒரு ஜெர்மானியனுக்கு விடுதலை. கட்டாயத்தில் சேர்ந்த 13 பேர் உட்பட மற்ற எல்லாருக்கும் ஆண்டுக்கணக்கில் தண்டனை. இரண்டு பக்கமும் கொதித்தது. மரண தண்டனை இல்லையா என்று ஒராதூரும், எங்கள் பிள்ளைகளும் ஹிட்லருக்கு இரையானவர்கள்தானே என்று அல்ஸாஸும் குமுறின. நாடு பிளந்துவிடுமோ என்று அஞ்சிய அரசியல்வாதிகள் ஒரே வாரத்தில் பொதுமன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். தேசிய சபையில் ஆதரவு 319, எதிர்ப்பு 211. அப்போது நம் பிரெஞ்சிந்தியாவுக்கும் அந்தச் சபையில் ஓர் இடம் இருந்தது. 13 பேரும் உடனே வீடு திரும்பினார்கள். இரண்டு மரண தண்டனைகளும் பின்னால் நிறைவேற்றப்படவில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். போர்தோ நீதிமன்றம் அந்தப் பதின்மூன்று பேருக்குக் கொடுத்தது சரியான பதில்தான். கட்டாயத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது, தண்டனையைக் குறைத்தது, ஆனால் குற்றம் குற்றம்தான் என்றது. அந்த வயதில், அந்தப் பயத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அடித்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் கூண்டில் நின்றவர்களிலேயே சிலர் சில வாரங்களில் நார்மாண்டியில் படையை விட்டு ஓடியிருக்கிறார்கள். வழி அடியோடு அடைபட்டிருக்கவில்லை. மாதா கோயில் கதவைப் பூட்டும்போது உள்ளே இருப்பவர்கள் யார் என்று எந்தப் பதினேழு வயதுக்கும் தெரியும். பொதுமன்னிப்பு செய்த தவறு, தண்டனையை நீக்கியது மட்டுமல்ல. சட்டத்தின் கண்ணில் அந்தச் செயலையே மறக்கச் சொன்னது.

இன்றைய சட்டம் ஏறக்குறைய லைப்ஸிக் வழியிலேயே நிற்கிறது. 1998-இல் ரோமில் உருவான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, உத்தரவு என்ற சமாதானத்துக்கு மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது. கீழ்ப்படியும் சட்டக் கடமை இருக்க வேண்டும், சட்டவிரோதம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது, பார்த்தவுடன் தெரியும் சட்டவிரோதமாகவும் அது இருக்கக் கூடாது. இன அழிப்பும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் எப்போதுமே பார்த்தவுடன் தெரிபவை என்று அங்கேயே எழுதிவிட்டார்கள். பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்திலும் அதே சொல்தான்: 'மானிஃபெஸ்த்மான் இலெகால்', வெளிப்படையாகவே சட்டவிரோதம். உயிருக்கு மிரட்டல் இருந்ததா என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

சட்டத்தில் இனி பெரிய ஓட்டை இல்லை என்றே சொல்லலாம். ஓட்டை இருப்பது கூண்டில்தான். உத்தரவு சாக்கு ஆகாது என்று கீழே இருப்பவனைத் தண்டிக்கிற அதே கை, உத்தரவு போட்டவரையும் இழுத்து வந்து நிறுத்தினால்தான் அந்த விதிக்கு முழு நியாயம் உண்டு. லாமர்டிங் 1971-இல்தான் இறந்தார், சிறையில் அல்ல. ஒராதூர் மக்கள் அரசு கொடுத்த விருதுகளைத் திருப்பி அனுப்பினார்கள். எரிந்துபோன தங்கள் ஊரின் வாசலில் பலகைகள் நட்டு, பொதுமன்னிப்புக்கு ஓட்டுப் போட்ட சபை உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்கள். அந்தப் பலகைகள் பல ஆண்டுகள் அங்கேயே நின்றன.